படத்தில் பச்சை, உள்ளே பழம்

அண்ணே, திங்கட்கிழமை வாங்கிய வாழைச்சீப்பு. இன்றைக்கு சனிக்கிழமை. படத்தைப் பாருங்கள், இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. எப்போது பழுக்கும்? (ஈசூன் வாசகி)

அது பழுத்துவிட்டது அம்மா, இன்றே சாப்பிடுங்கள். நீங்கள் வாங்கியது கேவண்டிஷ் ரகம். 24 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் அதன் தோலிலுள்ள பச்சையம் முழுதாகக் கரைவதில்லை. சதை மட்டும் இனித்து இளகிவிடும். நம் சிங்கப்பூர்ச் சமையலறையோ 30 டிகிரி. கடையில் மஞ்சளாகத் தொங்குபவை 14 முதல் 18 டிகிரி வரையுள்ள அறையில் எத்திலீன் வாயு காட்டிப் பழுக்க வைத்தவை. அதனால் இங்கே வீட்டில் பழுத்த வாழையை நிறத்தை வைத்து எடைபோடாதீர்கள்.

உங்கள் படத்தில் நான் பார்த்தது வேறு. இரண்டாவது பழத்தின் வயிற்றில் மிளகளவு பழுப்புப் புள்ளிகள் ஏழெட்டு இருக்கின்றன. காம்புக் கழுத்து மெலிந்து, குறுக்கே சுருக்கம் விழுந்திருக்கிறது. ஓரத்துப் பழம் சீப்பிலிருந்து பாதி கழன்று தொங்குகிறது. காய் அப்படிக் கழலாது. சந்தேகமிருந்தால் கழுத்துக்குக் கீழே கட்டைவிரலை மெதுவாக அழுத்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள். குழி நிழலாகத் தெரிந்தால் பழம்தான்.

காய்ச் சீப்பை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். தோல் சாம்பல் படிந்து கறுக்கும், அப்புறம் ஒழுங்காகப் பழுக்காது.

தேக்காவில் வாங்கிய மாம்பழம் ஒரு பக்கம் நல்ல சிவப்பு. அந்தப் பக்கம் பழுத்திருக்கிறது என்று அர்த்தமா? (பிடோக் வாசகர்)

இல்லை. மரத்தில் வெயில் பட்ட பக்கம் அது, அவ்வளவுதான். சிவப்பை விட்டுவிட்டு அடிநிறத்தைப் பாருங்கள். பங்கனப்பள்ளி என்றால் பச்சை மாறி மஞ்சள் ஏற வேண்டும். ஆனால் இந்தோனேசிய ஹாருமானிஸ் பழுத்தாலும் பச்சைதான். அதற்கு மூக்கும் விரலும் வேண்டும், படம் போதாது.

படத்தில் நம்பக்கூடியது தோள். காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, காம்பு குழிக்குள் உட்கார்ந்திருந்தால் முற்றிய காய், வீட்டில் வைத்தால் பழுக்கும். தோள் சரிந்திருந்தால் பிஞ்சில் பறித்தது. சுருங்குமே தவிர இனிக்காது.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தது. அந்த வெளிச்சத்தில் பச்சை மாங்காயும் பழமாகத் தெரியும். பகலில் சன்னலோரம், ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்து எடுங்கள். தாள் படத்தில் வெள்ளையாக இருந்தால்தான் பழத்தின் நிறத்தை நம்பலாம்.

பப்பாளியில் ஒரே ஒரு மஞ்சள் கோடு. வெட்டலாமா? (ஜூரோங் வாசகி)

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். மஞ்சள் பூமுனையில், அதாவது காம்புக்கு எதிர்ப்பக்கம், தொடங்கி மேலே ஏறும். அதனால் அந்த முனையைப் படமெடுங்கள். பாதிக்கு மேல் மஞ்சளாகி, அழுத்தினால் லேசாக நெகிழ்ந்தால் வெட்டுங்கள். கோடே விழாத காய் என்றால் கூட்டு வைத்துவிடுவது நல்லது. குழிந்து, ஈரமாகப் பரவும் கரும்புள்ளி தெரிந்தால் அது அழுகல். அதைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள்.