செல் மாத்தியும் காலிங் பெல் முனகுது, முழு செட்டையும் மாத்தணுமா?

கேள்வி: சார், எங்க வீட்டுல பேட்டரி காலிங் பெல். மூணு பென்சில் செல் போடுற டைப், கேட்ல இருக்க ஸ்விட்ச் வரைக்கும் ஒயர் இழுத்திருக்கு. அழுத்துற வரைக்கும் அடிக்கும், விட்டா நின்னுரும். மழைக்கு அப்புறம் சில நேரம் சத்தமே வரல, சில நேரம் தொண்டை கட்டின மாதிரி முனகுது. புது செல் போட்டும் அப்படியேதான் இருக்கு. கடைல முழு செட்டையும் மாத்த சொல்றாங்க. மாத்திடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. விட்டா நின்னுரும்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விஷயம் இருக்கு. சில பெல்லுல ஒரு தட்டு தட்டினா போதும், கைய எடுத்தாலும் பாட்டு முழுசா ஓடி முடியும், அதுல ஸ்விட்ச் கெட்டுப்போனா பெரும்பாலும் சத்தம் வராது, அவ்ளோதான், சத்தம் கம்மியாகாது. உங்களுது மாதிரி பெல்லுல செல்லோட கரண்ட் மொத்தமும் ஸ்விட்ச் வழியாத்தான் போகுது, அதனால ஸ்விட்ச் கான்டாக்ட்ல பாசி புடிச்சாலே பெல் முனக ஆரம்பிச்சிரும். மழைக்கு அப்புறம் வந்ததுன்னா எனக்கு முதல் சந்தேகம் கேட் ஸ்விட்ச் மேலதான்.

ஆனா சந்தேகத்த வச்சு காசு செலவு பண்ண வேணாம், டெஸ்ட் பண்ணிருவோம். முதல்ல பெல்லுக்குள்ள ஒயர் வந்து சேர்ற ரெண்டு ஸ்க்ரூவையும் ஒரு சின்ன ஒயர் துண்டால தொட்டு இணைச்சு பாருங்க. (பேட்டரி பெல்லுக்கு மட்டும்தான் இது, வீட்டு கரண்ட்ல ஓடுற 230 வோல்ட் பெல்லுல இத செஞ்சா உயிருக்கே ஆபத்து, அதுக்கு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.) இங்க கணீர்னு அடிச்சா செல்லும் நல்லாருக்கு, பெல்லும் நல்லாருக்கு, கோளாறு வெளில. அப்புறம் கேட்டுக்கு போய் ஸ்விட்ச்ச கழட்டி, அதுல வர்ற ரெண்டு ஒயரையும் ஒண்ணோட ஒண்ணு தொட வைங்க. நல்லா அடிச்சா ஸ்விட்ச்தான் காரணம், அங்கயும் முனகினா நடுவுல ஒயர்ல எங்கயோ கோளாறு, பெரும்பாலும் டேப் சுத்தி விட்ட ஜாயின்ட்ல செம்பு பச்சை புடிச்சிருக்கும், அத வெட்டிட்டு புதுசா முறுக்குங்க.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் தெளிவா தெரியும், DC 20 வோல்ட்ல வச்சுக்கோங்க. செல்ல மட்டும் சும்மா அளந்து பாத்து நம்பிராதீங்க, களைச்சுப்போன செல்லும் லோடு இல்லாதப்ப நல்ல நம்பர் காட்டும், அதனால ஒருத்தர ஸ்விட்ச்ச அழுத்த சொல்லி அப்ப அளக்கணும். உதாரணத்துக்கு மூணு செல்லும் சேர்ந்து சும்மா 4.6, அழுத்தும்போது 4.4 காட்டுதுன்னு வைங்க, செல் நல்ல செல். ஆனா அழுத்தும்போது 3.6க்கு கீழ இறங்குனா, அதாவது ஒரு செல்லுக்கு 1.2க்கும் கம்மின்னா, செல் முடிஞ்சதுன்னு அர்த்தம். அடுத்து மீட்டரோட ரெண்டு முனையையும் கேட் ஸ்விட்ச்சோட ரெண்டு ஸ்க்ரூலயும் வச்சு அழுத்துங்க, கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும். அங்க 1.7 காட்டிச்சுன்னா அவ்ளோ வோல்ட்டையும் ஸ்விட்ச்சே சாப்பிட்டுருச்சு, பெல்லுக்கு போனது 2.7தான், பாவம் அது எப்படி கத்தும்?

ஸ்விட்ச்னு தெரிஞ்சா உள்ள இருக்க பித்தளை தகட்ட மெல்லிசு உப்புத்தாளால தேய்ச்சு, கறுத்துப்போன ஒயர் முனைய வெட்டிட்டு புது செம்ப சீவி ஸ்க்ரூவ இறுக்கிப் பாருங்க. தகடு வளைஞ்சு ஸ்ப்ரிங் போயிருந்தா ஸ்விட்ச்ச மட்டும் மாத்துங்க, செட்ட விட ரொம்ப கம்மி காசுதான் ஆகும். வாங்கும்போது சுத்தி ரப்பர் போட்டு, மழைத்தண்ணி புகாத டைப்பா கேட்டு வாங்குங்க, கேட்டுல நனையுற இடத்துக்கு வீட்டுக்குள்ள மாட்டுற ஸ்விட்ச் தாங்காது.

இன்னொன்னு, அந்தப் புது செல் சார்ஜ் பண்ற டைப்பா? அது ஒண்ணு 1.2 வோல்ட்தான், மூணுக்கும் சேர்த்து 3.6, சில பெல்லுக்கு அது பத்தாது. அல்கலைன் செல் போட்டு ஒருவாட்டி பாருங்க.

முதல் டெஸ்ட்லயே, அதாவது பெல்லு ஸ்க்ரூலயே இணைச்சும் முனகினா, செல் உக்கார்ற ஸ்ப்ரிங்க பாருங்க, பழைய செல் ஒழுகி வெள்ளையாவோ பச்சையாவோ பொடி படிஞ்சிருந்தா சுரண்டி துடைங்க. அதுக்கப்புறமும் அதே முனகல்னா ஸ்பீக்கரோ போர்டோ போச்சு, அப்ப மட்டும் பெல்ல வாங்குங்க, அதுலயும் ஒயரை புதுசா இழுக்க வேண்டியதில்ல, பழைய ஒயரே போதும்.