கார்பன் பட்ஜெட் கணக்கு எப்படி வருகிறது?

"கதிர்வீச்சு விசை, காலநிலை உணர்திறன், கார்பன் பட்ஜெட்: மூன்றுக்கும் என்ன தொடர்பு?"

பூமிக்கு வரும் ஆற்றலுக்கும் வெளியேறும் ஆற்றலுக்கும் இடையே நாம் உண்டாக்கும் வித்தியாசமே கதிர்வீச்சு விசை. கரியமில வாயு இரட்டித்தால் அது சதுர மீட்டருக்குச் சுமார் 3.9 வாட். அதைச் சமன்செய்யப் பூமி இறுதியில் எவ்வளவு சூடாகும் என்பதுதான் உணர்திறன்; ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 மதிப்பீடு சுமார் 3 டிகிரி.

இந்த வாயு, வடிகால் ஏறக்குறைய அடைபட்ட தொட்டியில் விழும் தண்ணீர்போலச் சேர்கிறது. அதனால் வெப்பம் மொத்த உமிழ்வைப் பொறுத்தது: 1,000 கிகா டன், அதாவது ஒரு லட்சம் கோடி டன், கரியமில வாயுவுக்குச் சுமார் 0.45 டிகிரி. ஐபிசிசியின் அந்த மதிப்பீட்டில், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏற்கெனவே 1.07 டிகிரி ஏறிவிட்டது. உலக நாடுகள் இலக்காக வைத்த 1.5 டிகிரி வரம்பை எட்ட மிச்சம் 0.43. மீத்தேன் போன்றவற்றுக்குச் சுமார் 0.2 கழித்தால் மிஞ்சும் 0.23-ஐ 0.45-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால், 2020 தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 500 கிகா டன். வரம்பைத் தாண்டாமல் இனி வெளியிடக்கூடிய இந்த மொத்த அளவுதான் கார்பன் பட்ஜெட். அதுவும் வரம்புக்குள் நிற்க ஐம்பது சதவீத வாய்ப்புக்குத்தான்! உலகமோ ஆண்டுக்குச் சுமார் 40 கிகா டன் வெளியிடுகிறது.

உமிழ்வைப் பாதியாக்கினால் வெப்பம் குறையும் என்று பலர் நினைப்பது தவறு. ஏறும் வேகம்தான் குறையும், நிகர உமிழ்வு பூஜ்ஜியமானால்தான் ஏற்றம் நிற்கும்.