சாப்பிட்டது அப்படியே மேலே வருகிறதா?

எனக்கு வயது 24. எட்டு மாதமாகச் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது, தண்ணீரும் சட்டென்று இறங்குவதில்லை. ராத்திரி படுத்தால் மென்றது மென்றபடி வாய்க்கு வருகிறது. மூன்று மாதம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டும் பலனில்லை. ஏன்?

வருவதில் புளிப்போ கசப்போ இல்லை, மென்ற துண்டுகள் அப்படியே தெரிகின்றன என்றால், அது இரைப்பைக்குள் போகவே இல்லை. உணவுக்குழாயில் தேங்கித் திரும்பியிருக்கிறது. அதற்கு அமில மாத்திரை என்ன செய்யும்? (நெடுநேரம் தேங்கிய உணவு அங்கேயே புளித்து எரிச்சல் தருவதும் உண்டு. பலருக்கு நெஞ்செரிச்சல் என்றே பல மாதம் வைத்தியம் நடப்பது இதனால்தான்.)

கெட்டியான உணவு மட்டும் சிக்கினால் குழாய் எங்கோ குறுகியிருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சிக்கினால் குழாயின் அசைவில்தான் சந்தேகம். உணவுக்குழாயின் கீழ்முனை சரியாகத் திறக்காத அகலேசியா என்ற நோய் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

எண்டோஸ்கோப்பி நார்மல் என்றார்களே?

எண்டோஸ்கோப்பி காட்டுவது குழாயின் உட்சுவரை. அகலேசியாவில் கெடுவது அந்தச் சுவருக்குள் இருக்கும் நரம்புகள். விழுங்கும்போது கீழ்முனைத் தசை வளையத்தைத் தளர்த்துபவை அவைதான். ஆரம்ப நிலையில் குழாய் விரிந்திருக்காது. வளையமும் லேசாக அழுத்தினால் கருவிக்கு வழிவிடும். ஆனாலும் அந்தப் பரிசோதனை வீண் இல்லை: புற்றுநோய், சுருக்கம், ஒவ்வாமை அழற்சி ஆகியவற்றை விலக்க அது வேண்டும். ஒவ்வாமை அழற்சியில் சுவர் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம் என்பதால், திசு எடுத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்து என்ன சோதனை?

முதலில் பேரியம். நின்றபடி வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து 1, 2, 5 நிமிடங்களில் எக்ஸ்ரே எடுப்பார்கள். நல்ல குழாய் ஒரு நிமிடத்துக்குள் ஏறக்குறைய காலியாகிவிடும். ஐந்தாவது நிமிடத்திலும் 2 சென்டிமீட்டருக்கு மேல் கரைசல் நின்றால் வலுவான சந்தேகம். அடிமுனை பறவையின் அலகுபோல் கூர்ந்திருக்கும்.

முடிவு சொல்வது மானோமெட்ரி. மெல்லிய குழாயை மூக்கு வழியாக இரைப்பைவரை இறக்குவார்கள். அதன் நீளம் முழுக்க அழுத்த உணரிகள் இருக்கும். படுத்தபடி 5 மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்வார்கள். குமட்டும், ஆனால் மயக்கமருந்து கிடையாது. ஒவ்வொரு முறையும் இரண்டைப் பார்ப்பார்கள்: வளையம் தளர்ந்ததா, உணவைத் தள்ளும் அலை வந்ததா. வளையத்தின் மிச்ச அழுத்தம் கருவிக்குரிய வரம்பைத் தாண்டி (பல கருவிகளில் 15 மி.மீ. பாதரசம்), ஒரு முறைகூட ஒழுங்கான அலை வராவிட்டால் அகலேசியா. அதிலும் மூன்று வகை உண்டு: குழாய் அசைவற்றுக் கிடப்பது முதல் வகை, முழுக் குழாயிலும் ஒரே நேரத்தில் அழுத்தம் ஏறுவது இரண்டாவது, இழுத்துப் பிடிப்பது மூன்றாவது. இரண்டாம் வகைக்கு சிகிச்சை நன்றாகப் பலிக்கும். மூன்றாவதற்குத் தசையை நீளமாக வெட்ட வேண்டும். வாய்வழியே எண்டோஸ்கோப்பியை இறக்கி வெட்டும் முறையில் அது வசதி. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரை எடுப்பவர் முன்பே சொல்லிவிட வேண்டும். அது இதே படத்தைப் போலியாகக் காட்டும்.

அதுவரை என்ன செய்வது?

படுப்பதற்குப் பல மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். தேங்கியது தூக்கத்தில் நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. இரவு இருமல் அதன் அறிகுறி. சோதனைக்கு எத்தனை நாள் முன்பிருந்து நீராகாரம் மட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், வழக்கமான பட்டினி உங்களுக்குப் போதாமல் போகலாம். எச்சில்கூட இறங்காமல் போனால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.