கொட்டை யாருடையது?

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் படிக்கிறாள். வெட்டிய பழங்களின் படங்களைப் பார்த்து பெர்ரி, ட்ரூப், கேப்சூல் என்று பிரிக்கும் பயிற்சியில், பேரீச்சையை ட்ரூப் என்றும் பச்சை மிளகாயை கேப்சூல் என்றும் வெண்டைக்காயை பெர்ரி என்றும் எழுதியிருக்கிறாள். மூன்றும் தவறாம். எனக்கும் அவள் எழுதியதே சரி என்று படுகிறது. படத்தில் எதைத்தான் பார்ப்பது?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

பேரீச்சையில் உங்கள் மகளைக் குழப்பியது நம் மொழிதான் என்று நினைக்கிறேன். மாங்கொட்டை, சப்போட்டாக் கொட்டை, பேரீச்சங்கொட்டை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறோம். ஆனால் மாங்கொட்டையின் ஓடு பழத்தின் சுவரைச் சேர்ந்தது. மேல்தோல், நடுவிலுள்ள சதை, உள்ளடுக்கு என்ற மூன்றில் உள்ளடுக்கு இறுகி ஓடாகிவிட்டது. விதை அதற்குள் இருக்கும் பருப்பு. இப்படி உள்ளடுக்கு ஓடாகி விதையைப் பொதிந்துகொண்டால் அது ட்ரூப். தேங்காய்ச் சிரட்டையும் அத்தகைய ஓடுதான். பெர்ரியில் அந்த ஓடு கிடையாது. விதைக்கும் சதைக்கும் நடுவே கெட்டியாக எதுவும் இராது.

எனவே கெட்டியான ஒன்று படத்தில் தெரிந்தால், அது பழத்தின் ஓடா, விதையேதானா என்று கேட்கவேண்டும். ஒரு பேரீச்சையை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். கொட்டை எளிதாகக் கழன்று வரும். அது இருந்த குழியில் வெள்ளிநிறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். பேரீச்சையின் உள்ளடுக்கு அவ்வளவுதான்! கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு தனியாக வராது, முழுவதும் ஒரே கட்டியாக இருக்கும். அந்தக் கட்டியே விதை, ஆகவே பழம் பெர்ரி. இலந்தைக் கொட்டையை உடைத்தால், உள்ளறையில் பழுப்புத் தோல் மூடிய தட்டையான விதை ஒன்றோ இரண்டோ கிடைக்கும். அது ட்ரூப்.

உடைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. சப்போட்டாக் கொட்டையை உடைத்தாலும் கறுப்பு ஓட்டுக்குள் வெள்ளைப் பருப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கறுப்பு ஓடு விதையின் தோல். அதன் விளிம்பில் நீளமாக ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கும். விதை பழத்தோடு ஒட்டியிருந்த இடம் அது. அந்தத் தழும்பு விதைக்கே உரியது, பழத்தின் ஓட்டில் இருக்காது. நல்ல படத்தில் அது தெளிவாகத் தெரியும். சப்போட்டாவும் பெர்ரியே.

காயின் வயதையும் விசாரிக்கவேண்டும். மாவடுவைக் குறுக்கே வெட்டினால் கத்தி தடையில்லாமல் இறங்கிவிடும், ஏனென்றால் ஓடு இன்னும் இறுகவில்லை. அந்தப் படத்தை மட்டும் காட்டினால் யாருமே ஒற்றை விதைப் பெர்ரி என்றுதான் சொல்வார்கள்.

வெண்டையிலும் மிளகாயிலும் சிக்கல் இதே வயதில்தான் இருக்கிறது. இரண்டையும் பச்சையாகப் பறித்து வெட்டுகிறோம். வெண்டையின் குறுக்குவெட்டில் பெரும்பாலும் ஐந்து அறைகள், நடு அச்சில் ஒட்டிய விதைகள், சாறுள்ள சுவர். தக்காளி வெட்டைப் பார்த்துப் பழகிய கண் இதையும் பெர்ரி என்றுதான் படிக்கும். மிளகாயிலோ உள்ளே வெற்றிடம், வெள்ளைத் தண்டில் விதைகள், மெல்லிய சுவர். பார்த்தால் கேப்சூல் போலவே இருக்கிறது. ஆனால் கேப்சூல் என்ற பெயர் முற்றிய பிறகு நடப்பதைப் பொறுத்தது. சுவர் காய்ந்து, தானாகப் பிளந்து விதையை வெளியே விடவேண்டும். பச்சைக் காயின் படத்தில் அது தெரியவே தெரியாது. அந்த ஒரு படத்தை மட்டும் கொடுத்து விடை கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஆனாலும் பச்சை வெண்டையில் ஒரு குறிப்பு உண்டு. ஒவ்வொரு அறையும் வெளிப்புறத்தில் ஒரு முகட்டில் போய் முடிகிறது. காய் பின்னால் பிளப்பது அந்த முகடுகளின் வழியாகத்தான். மிளகாயின் சுவரில் அப்படிப்பட்ட கோடுகள் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஊமத்தங்காய் முற்றினால் வெடிக்கும், அது கேப்சூல். குடும்பத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

செடியிலேயே முற்றவிட்ட வெண்டைக்காய் ஒன்று கிடைத்தால் மொட்டைமாடியில் காயப்போடுங்கள். பக்கத்தில் நான்கு பழுத்த மிளகாயையும் போடுங்கள். வெண்டை முகட்டுக்கு முகடு விரிந்து உருண்டை விதைகளைக் காட்டும். மிளகாய் சுருங்கி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். நீங்களாக உடைக்கும்வரை திறக்காது. மகளை இரண்டையும் படமெடுத்து, வெட்டிய படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.