ரெண்டு வருசக் கூட்டு வட்டியில இருந்து வருச வட்டியைக் கண்டுபிடிக்கிறது

கேள்வி: மேலூர்ல ஒரு சொசைட்டில 20,000 போட்டேன், அடுத்த வருசம் அதே தேதில இன்னொரு 20,000. ரெண்டாம் வருசக் கடைசில 44,928 தந்தாங்க. வருச வட்டி எத்தனை பர்சன்ட்?

8 பர்சன்ட் தம்பி. லாபம் 4,928-ஐ 40,000-ஆல வகுத்து ரெண்டாப் பிரிச்சா 6.16-னு வரும், அது தப்பு, ஏன்னா ரெண்டாவதா போட்ட பணம் ஒரு வருசம்தான் உள்ள கிடந்துச்சு.

ஒரு ரூவா ஒரு வருசத்துல x ரூவாயா ஆகுதுன்னு வைங்க. முதல் பணம் ரெண்டு தடவை பெருகும், அடுத்தது ஒரு தடவை, அதனால

```
20000x² + 20000x = 44928
x² + x − 2.2464 = 0
x = (−1 ± √(1 + 8.9856)) / 2
```

உள்ள இருக்கிறது 9.9856, அதோட வர்க்கமூலம் சரியா 3.16. அப்ப x = 1.08, இல்லாட்டி −2.08. போட்ட பணம் மைனஸ்ல போகாதுல்ல, அதனால ரெண்டாவதை விட்ருங்க. 1.08-ல ஒன்னைக் கழிச்சா 0.08, அதான் 8 பர்சன்ட்.

சரிபார்க்க, முதல் பணம் 23,328, ரெண்டாவது 21,600, கூட்டினா உங்க தொகை அப்படியே வருது.

ஒன்னு மட்டும் கவனிங்க, அவங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி சேர்க்கிறவங்களா இருந்தா பாஸ்புக்ல 8-ஐ விடக் கொஞ்சம் கம்மியாத்தான், 7.77 கிட்ட போட்டிருக்கும், ரெண்டும் ஒரே வட்டிதான்.