ஆர்டருக்கு 9 ரூபாய் நிற்கிறது, திருவொற்றியூருக்குப் போகலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரத்தில் உணவு டெலிவரி ஆப் நடத்துகிறோம். தினம் 300 ஆர்டர், சராசரி சாப்பாட்டு பில் 220 ரூபாய். கமிஷன் 39.60, டெலிவரி கட்டணம் 23.60 வருகிறது. ரைடருக்கு 42, பேமென்ட் கேட்வேக்கு 5, தள்ளுபடிக்கு 7 போக 9.20 நிற்கிறது. ரைடருக்கு மணிக்கு 84 ரூபாய் உத்தரவாதம். திருவொற்றியூருக்கு விரிவாக்கலாமா?

பதில்:

இப்போது வேண்டாம். அந்த 9.20 உண்மையில் உங்கள் கையில் நிற்கவில்லை.

டெலிவரி கட்டணத்தில் 18% ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறது. 23.60-ல் உங்களுடையது 20 மட்டும், 3.60 அரசாங்கத்துக்குப் போகும். சாப்பாட்டு பில் மீதான 5% வரியையும் 2022 ஜனவரி முதல் ஆப்தான் வசூலித்துக் கட்ட வேண்டும். அதை வரவில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள், அது சரி.

அடுத்தது, சமைத்த பிறகு ரத்தாகும் ஆர்டர். கடைக்கும் பணம் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளருக்கும் திருப்பித் தர வேண்டும். வரி போக ஒவ்வொன்றிலும் 240 ரூபாய் போகிறது. நூற்றுக்கு இரண்டு ரத்தானால் எல்லா ஆர்டர் தலையிலும் 4.80 விழும். இரண்டு என்பது நான் வைத்துக்கொண்ட எண். உங்கள் ரீஃபண்ட் கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்.எம்.எஸ்., வாடிக்கையாளர் அழைப்புக்கு 1.20 என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்து 9.60. ஆக, ஆர்டருக்கு 40 காசு நஷ்டம். ஆபீஸ் வாடகையையும் சம்பளத்தையும் இன்னும் தொடவே இல்லை.

இதைவிட முக்கியமானது அந்த 42. அது ஆர்டரின் விலை அல்ல, நேரத்தின் விலை. மணிக்கு 84 கொடுத்து ரைடர் இரண்டு ஆர்டர் முடித்தால் ஒன்றுக்கு 42 ஆகிறது, அவ்வளவுதான். அதனால் நாள் முழுவதையும் ஒரே சராசரியாகப் பார்க்காமல் நேரவாரியாகப் பிரியுங்கள். உதாரணமாக, மதியமும் இரவும் எல்லா ரைடர்களின் நேரத்தையும் கூட்டினால் 75 மணி, அதாவது 75 ரைடர்-மணியில் 210 ஆர்டர் போகிறது என்று வைப்போம். மணிக்கு 2.8, ரைடர் செலவு 30, ஆர்டருக்கு 11.60 லாபம். மிச்ச 90 ஆர்டர் மாலை 3 முதல் 6.30 வரை இன்னொரு 75 ரைடர்-மணியில் போனால் மணிக்கு 1.2, செலவு 70, ஆர்டருக்கு 28.40 நஷ்டம். சாப்பாட்டு நேரத்தில் சம்பாதித்த 2,436 ரூபாயை மாலை நேரம் 2,556 எடுத்துக்கொண்டு போகிறது.

மாலை ஷிப்டை 50 ரைடர்-மணியாகக் குறையுங்கள். காத்திருப்பு கூடி 15 ஆர்டர் குறைந்தாலும் மிச்ச 75-க்குச் செலவு ஒன்றுக்கு 56 ஆகும், மாலை நஷ்டம் 1,080-க்கு இறங்கும். மொத்தத்தில் ஒரு நாளைக்கு 1,356 ரூபாய் லாபம். உத்தரவாதத் தொகையில் மட்டும் கை வைக்காதீர்கள். வைத்தால் ரைடர்கள் இரவு உச்ச நேரத்தில் வேறு ஆப்புக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு லாபம் தருவதே அந்த நேரம்தான்.

பிறகு உச்ச நேரத்தின் 2.8-ஐ எப்படி ஏற்றுவது என்று பாருங்கள். ஆர்டரை ஏற்றது, கடையை அடைந்தது, பார்சலை எடுத்தது, கொடுத்து முடித்தது என்று நான்கு நேரங்களை ஆப்பில் பதியுங்கள். கடையில் நிற்கும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் குறை ரைடரிடம் இல்லை. அந்தக் கடைக்கு மட்டும், சமையல் பாதி முடிந்த பிறகு ரைடரை அனுப்புங்கள். ஞாயிறு மதியம் பிரியாணிக் கடைகளில் இதன் பலன் உடனே தெரியும். கொடுக்கும் நேரம் நீண்டால் தூரக் கணக்கைப் பாருங்கள். வடசென்னையை ரயில் பாதை வெட்டிக்கொண்டு போகிறது. மேப்பில் நேர்கோட்டில் 1 கி.மீ. தெரிவது, கேட்டையோ சுரங்கப்பாதையையோ சுற்றினால் இரண்டு மடங்கு ஆகலாம். மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்த வழியே கிடையாது. சாலை வழித் தூரத்தை வைத்து எல்லை போடுங்கள்.

திருவொற்றியூருக்கு வருவோம். புது ஏரியாவில் உங்கள் ஆப்பில் சேர்ந்த கடையும் குறைவு, ஆர்டர் போடும் வீடும் சிதறல். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி நெரிசல் வேறு. தொடக்கத்தில் மணிக்கு ஒரு ஆர்டர் என்றால் ரைடர் செலவே 84, ஆர்டருக்கு 42.40 நஷ்டம். தினம் 60 ஆர்டருக்கு மாதம் சுமார் 76,000 ரூபாய். ரைடர் செலவு தவிர்த்து ஒரு ஆர்டரில் மிஞ்சுவது 41.60. அதனால் மணிக்கு 2.02 ஆர்டர் வந்தால்தான் அங்கே பூஜ்யத்தைத் தொடுவீர்கள்.

போவதானால் மதியம், இரவு மட்டும், 2 கி.மீ. வட்டத்துக்குள் எட்டு வாரம் நடத்துங்கள். கூப்பன் இல்லாமல் வந்த ஆர்டரைத் தனியாக எண்ணுங்கள். தள்ளுபடியை நிறுத்தினால் மிஞ்சப்போவது அதுதான். எட்டாவது வாரத்தில் அந்த ஆர்டர்கள் மட்டுமே மணிக்கு 2-ஐத் தொடவில்லையென்றால் மூடிவிட்டு அந்த ரைடர்களைத் தண்டையார்பேட்டை இரவு ஷிப்டுக்குக் கொண்டுவாருங்கள்.