காபி விலை ஏறாமல் நிற்பது ஏன்?

கேள்வி: திண்டுக்கல்லில் சிறிய உணவகம் நடத்துகிறேன். விலைப்பட்டியலை மாற்ற வேண்டும். டிபனுக்கு 8 சதவீதம், காபி, டீக்கு 10, சாப்பாட்டுக்கு 12 என்று ஏற்றி, சில்லறைத் தொல்லை இல்லாமல் எல்லாவற்றையும் பக்கத்து ஐந்து ரூபாய்க்குக் கொண்டுவர நினைக்கிறேன். போன முறை கையால் கணக்குப் போட்டதில் சில விலைகள் ஏறவே இல்லை, சில அளவுக்கு மீறி ஏறிவிட்டன. எக்செல்லில் இதைச் சரியாகச் செய்வது எப்படி?

பதில்: போன முறை நீங்கள் கணக்கில் தவறியிருக்க வாய்ப்பில்லை. ஐந்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் அப்படித்தான் வரும். எக்செல்லும் அதே விடையைத்தான், இன்னும் வேகமாகத் தரும். ஆகவே முதலில் சூத்திரத்தைச் சொல்லிவிட்டு, அது தரும் விடையை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

தாளின் ஓரத்தில் K, L பத்திகளில், இரண்டாம் வரியிலிருந்து, வகையின் பெயரையும் அதற்குரிய சதவீதத்தையும் எழுதுங்கள்: டிபன் 8%, பானம் 10%, சாப்பாடு 12%, பாக்கெட் 0%. சதவீதக் குறியை விட்டுவிட்டு வெறும் 8 என்று அடித்தால் தோசை ஒன்பது மடங்கு விலைக்குப் போய்விடும். A பத்தியில் பண்டம், B-யில் வகை, C-யில் இப்போதைய விலை. பிறகு முறையே D, E, F, H பத்திகளின் இரண்டாம் வரியில் இவற்றை எழுதி, கடைசிப் பண்டம் வரை கீழே நகலெடுங்கள்:

```
=VLOOKUP(B2,$K$2:$L$5,2,FALSE)
=ROUND(C2*(1+D2),2)
=IF(D2=0,C2,MROUND(E2,5))
=IF(G2="",F2,G2)
```

E-யில் வருவது பைசா வரைக்குமான கணக்கு விலை. F-இல் வருவது அதை ஐந்துக்கு முழுமையாக்கிய விலை. G-யைக் காலியாக விடுங்கள். நீங்களாகத் திருத்த நினைக்கும் விலையை அங்கே எழுதினால் அதுவே H-க்கு வரும். பலகையில் எழுதவேண்டியது H. ஓரிடத்தில் ‘டிபன்’, இன்னோரிடத்தில் ‘டிஃபன்’ என்று இருந்தால் அந்த வரியில் #N/A என்று வரும். அது நல்லதுதான், பிழை கண்ணில் பட்டுவிடும். சூத்திரத்தின் கடைசியில் உள்ள FALSE-ஐ விட்டுவிட்டால் பிழை காட்டாமலே வேறொரு வகையின் சதவீதத்தை எடுத்துவிடக்கூடும்.

F-இல் அந்த IF எதற்கு என்று கேட்கலாம். நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில், பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஏற்றம் இல்லை என்று 0 சதவீதம் போட்டிருந்தார்கள். ஆனால் முழுமையாக்கும் வேலை அதற்கும் நடந்து, 38 ரூபாய் அச்சிட்ட பாக்கெட் பட்டியலில் 40 ஆகிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏற்றம் இல்லாத பொருளை முழுமையாக்கவும் கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஊர்ப் பட்டியல் எப்படியோ, ஓர் உதாரணப் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். தோசை 60 ரூபாய், 8 சதவீதம் சேர்த்தால் 64.80, முழுமையாக்கினால் 65. சாப்பாடு 120, கணக்கில் 134.40, பட்டியலில் 135. இவை ஒழுங்காக நடக்கின்றன. காபி 20 ரூபாய். பத்து சதவீதம் ஏற்றினால் 22, முழுமையாக்கினால் மறுபடி 20. டீ 15, கணக்கில் 16.50, மறுபடி 15. இட்லி ஒரு பிளேட் 30, கணக்கில் 32.40, மறுபடி 30. வடை 15, அதுவும் அசையாது.

இப்போதைய விலை ஐந்தின் மடங்காக இருந்தால், ஏற்றம் இரண்டரை ரூபாயைத் தொடாத எதுவும் நகராது. பத்து சதவீதத்தில் 25 ரூபாய்க்குக் குறைந்தவை எல்லாம் நிற்கும். 8 சதவீதத்தில் 30 ரூபாய் வரை நிற்கும். எல்லையைத் தொட்டவை எகிறும்: பத்து சதவீதத்தில் 25 ரூபாய்ப் பானம் 27.50 ஆகி 30-க்குப் போகும், அதாவது 20 சதவீத ஏற்றம். உங்கள் இரண்டு புகாருக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

அசையாதவை மலிவானவை, மலிவானவைதான் அதிகம் விற்பவை. நாளைக்கு 200 காபி, 120 டீ, 150 பிளேட் இட்லி, 180 வடை, 100 தோசை, 80 சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எண்ணிய ஏற்றத்தில் காபியில் 400 ரூபாய் வராமல் போகிறது. டீயில் 180, இட்லியில் 360, வடையில் 216. தோசையும் சாப்பாடும் சேர்ந்து 68 ரூபாய் கூடுதலாகத் தருகின்றன. ஆக நாளொன்றுக்கு 1,088 ரூபாய் துண்டு விழுகிறது. பட்டியலைப் பார்த்தால் தோசையும் சாப்பாடும் ஏறியது தெரியும், கல்லாவில் தெரியாது. எனவே I பத்தியில் நாளொன்றுக்கு எத்தனை விற்கிறது என்பதை எழுதி, காலியான ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள். உதாரணப் பட்டியல் ஆறு பண்டம், ஆகவே 7 வரை. உங்களுக்கு எத்தனை வரியோ அத்தனை.

```
=SUMPRODUCT(H2:H7-E2:E7,I2:I7)
```

விடை கழித்தல் குறியுடன் வந்தால் துண்டு. அதை அடைக்கத்தான் G பத்தி.

எதை ஏற்றுவது? காபியை 25 ஆக்கினால் துண்டு 88 ரூபாயாகச் சுருங்கும், ஆனால் அது 25 சதவீத ஏற்றம். தினமும் இரண்டு வேளை வருகிறவர் அதைத்தான் முதலில் கவனிப்பார்; நான் தொடமாட்டேன். வடை 20 ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும், அது வேண்டவே வேண்டாம். இட்லியை 35 ஆக்குவேன். அது பதினேழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, துண்டு 338-க்கு வந்துவிடும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இட்லி, வடை செட் 45 ரூபாய்க்கு விற்றால் கணக்கில் 48.60, பட்டியலில் 50. இட்லியும் வடையும் தனித்தனியே 30, 15 என்று நின்றால் செட்டைவிட உதிரியாக வாங்குவது ஐந்து ரூபாய் மலிவு! இட்லி 35 ஆனால் கணக்கு நேராகிவிடும். செட், காம்போ, முழு பிளேட், அரை பிளேட் எல்லாவற்றையும் இப்படி ஒருமுறை கூட்டிப் பாருங்கள். இந்தப் பிழையைச் சூத்திரம் காட்டித் தராது.

பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டியைத் தனியாகச் சேர்ப்பவர் என்றால், 65 ரூபாய்த் தோசை 68.25 ஆகிச் சில்லறைத் தொல்லை திரும்பிவிடும். அப்போது வரியோடு சேர்ந்த தொகையைத்தான் முழுமையாக்க வேண்டும்: F-இல் `MROUND(E2*1.05,5)/1.05`. துண்டுக் கணக்கில் வருவது வரி நீங்கிய விலை என்பதால் அதன் சூத்திரம் மாறாது. ஆனால் பண்டத்தின் விலை பைசாவில் வரும், G-யில் எழுதுவதையும் வரி நீக்கித்தான் எழுத வேண்டும். வாடிக்கையாளர் கண்ணுக்கு வரி சேர்ந்த முழு ரூபாயை எழுதிவிடுவது நல்லது.

அடுத்த திருத்தத்தின்போது பட்டியல் விலையிலிருந்து தொடங்காதீர்கள். 20-இலிருந்து தொடங்கினால் காபி மறுபடி 22, மறுபடி 20. பத்து வருடம் ஆனாலும் நகராது. E பத்தியை நகலெடுத்து, சூத்திரம் இல்லாமல் மதிப்புகளாக மட்டும் C-யில் ஒட்டுங்கள். G-யில் இருப்பவற்றை அழித்துவிடுங்கள். பாக்கெட் வரிகளுக்கு மட்டும் அப்போதைய அச்சு விலையை C-யில் கையால் எழுதுங்கள். அப்போது காபி 22-இலிருந்து 24.20 ஆகி, தானாகவே 25-க்குப் போகும். இந்த முறை நீங்கள் முன்கூட்டி ஏற்றிய இட்லி 32.40-இலிருந்து 34.99 ஆகி, 35-இலேயே நிற்கும்.